ஒரே கிராமம், இரண்டு கதைகள்: எந்த ஆய்வை நம்புவது?



ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நான் எழுதிய முதல் ஆய்வுக்கட்டுரையின் தலைப்பு, "மாணவர்கள் அறிவியல் பாடத்தில் ஏன் கேள்வி கேட்பதில்லை?" என்பது. நான் பாடம் நடத்திய படிவம் 2 வகுப்பில் 8 மாணவர்களைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளி முடிந்ததும் அவர்களை ஒவ்வொருவராக அறிவியல் கூடத்துக்கு வரச் சொல்லிப் பேட்டி எடுத்தேன். "நீங்க சொல்லிக் கொடுக்கும்போதே புரிஞ்சிடுது டீச்சர், அதனாலதான் கேக்கிறதில்ல" என்று 7 பேர் சொன்னார்கள். ஒருவன் மட்டும் "கூச்சமா இருக்கு" என்றான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாடம் புரிவதால்தான் மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று முடிவுரை எழுதிக் கட்டுரையை ஒப்படைத்தேன்.

என் விரிவுரையாளர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்த 8 பேரின் தேர்வுத்தாளைத் திருத்துவது யார்?"

நான்தான் திருத்தினேன். தங்கள் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து, "உங்கள் பாடம் புரியவில்லை" என்று எந்த மாணவன் சொல்வான்? என் கட்டுரையில் பேட்டிகள் இருந்தன, மேற்கோள்கள் இருந்தன, முடிவுரையும் இருந்தது. ஆனால், பேட்டி எடுத்தவர் யார் என்பது மட்டும் எங்குமே எழுதப்படவில்லை. விரிவுரையாளர் கைவைத்தது அந்த ஓட்டையில்தான்.

இந்த வாரம் அந்த ஓட்டையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பள்ளியிலோ, பிறகு கல்லூரியிலோ ஒரு கிராமத்தை, ஒரு பள்ளியை, ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆய்வு உங்கள் கைக்கு வரும். அது கறாராகச் செய்யப்பட்டதா, மேலோட்டமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மனிதரே அளவுகோல்

நீங்கள் அறிவியல் கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கிறீர்கள். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அளக்கலாம். பக்கத்து மேசை நண்பரும் அளந்து பார்க்கலாம். நூலின் நீளம் மாறாதவரை விடையும் ஏறக்குறைய மாறாது.

மனிதர்களின் வாழ்க்கையை ஆராய்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஓர் ஊருக்குப் போய், மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, மக்களோடு பழகி, பார்த்ததையும் கேட்டதையும் குறித்து எழுதும் ஆய்வை இனவரைவியல் ஆய்வு என்கிறோம். ஒரே ஒரு பள்ளியை, ஒரு குடும்பத்தை, ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு ஆழமாகத் தோண்டுவது தனிநிலை ஆய்வு. இரண்டிலும் அளக்கும் கருவி ஆய்வாளரேதான். அவருடைய கண்ணும் காதும் குறிப்பேடும்தான் வெப்பமானி.

வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதை உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று சோதிக்கிறோம். ஒரு மனிதரை எந்தப் பனிக்கட்டியில் வைத்துச் சோதிப்பது?

இப்படிப்பட்ட ஆய்வைப் படித்ததும் மாணவர்கள் முதலில் கேட்பது, "8 பேர்தானா? 800 பேரைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்பதுதான். எத்தனை பேர் என்று அறிய வேண்டிய ஆய்வுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். எப்படி, ஏன் என்று அறிய வேண்டிய ஆய்வில் அது பெரிதாக உதவாது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் 800 மாணவர்களைப் பேட்டி கண்டிருந்தாலும், அவர்கள் அத்தனை பேரின் தேர்வுத்தாளையும் திருத்துபவள் நானாக இருந்திருந்தால் அதே பொய்தான் 800 முறை பதிவாகியிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மெக்சிகோவில் உண்மையாக நடந்த ஒரு கதை இதற்கு நல்ல பாடம்.

தெபோஸ்த்லானுக்குப் போன இருவர்

மெக்சிகோ சிட்டிக்குத் தெற்கே, செங்குத்தான பாறை மலைகளின் அடிவாரத்தில் தெபோஸ்த்லான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மக்காச்சோளம்தான் முக்கியப் பயிர். 1926ஆம் ஆண்டின் இறுதியில் ராபர்ட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் அந்த ஊருக்குப் போனார். அவர் முதலில் வழக்கறிஞராக இருந்து, பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். சில மாதங்கள் அங்கே ஆய்வு செய்துவிட்டு, 1930இல் அந்த ஊரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆண்டு முழுதும் வரும் திருவிழாக்கள், ஒவ்வொரு பேட்டைக்கும் உரிய கோயிலும் அதன் காவல் புனிதரும், மக்கள் பாடும் கதைப்பாடல்கள், பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகள் என்று அந்த நூல் விரிகிறது. படிப்பவர் மனத்தில் பதியும் காட்சி இதுதான்: வெளியுலகத்திலிருந்து சற்றே ஒதுங்கி, மரபுகளால் கட்டுண்டு, அமைதியாகவும் ஒற்றுமையாகவும் வாழும் ஒரு சமூகம்.

ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்து, 1943இல், ஆஸ்கார் லூயிஸ் என்ற இன்னோர் அமெரிக்க மானிடவியலாளர் அதே ஊருக்குப் போனார். அவருடன் மனைவி ரூத்தும் உதவியாளர்கள் சிலரும் சென்றார்கள். யாரிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது, ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். ஊர் ஆவணங்களைப் புரட்டினார்கள். உளவியல் சோதனைகளும் நடத்தினார்கள். 1951இல் லூயிஸின் நூல் வெளிவந்தது. அவர் கண்ட தெபோஸ்த்லானில் நிலப் பற்றாக்குறை இருந்தது. சொந்த நிலம் இல்லாத ஏழைகள் மலைச்சரிவில் உள்ள பொது நிலத்தில் காட்டை வெட்டி, ஏர் பூட்ட முடியாத பாறைச் சரிவில் கையால் கொத்திச் சோளம் விதைத்தார்கள். அண்டை வீட்டார்மேல் சந்தேகம், பொறாமை, அரசியல் பகை, வன்முறை எல்லாம் அவருடைய நூலில் உண்டு.

ஒரே ஊர்தான். ஆனால், முதல் நூலைப் படித்துவிட்டு இரண்டாவது நூலைத் திறந்தால், வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஊசலை இருவர் அளந்து, ஒருவருக்கு 2 விநாடியும் மற்றவருக்கு 5 விநாடியும் கிடைத்தது போன்ற நிலைமை இது.

முரண்பாடு எங்கிருந்து வந்தது?

இருவரில் ஒருவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவது எளிது. அதைச் செய்வதற்கு முன் மூன்று காரணங்களை வரிசையாகச் சோதித்துப் பார்ப்போம். எந்தத் தனிநிலை ஆய்வைப் படிக்கும்போதும் இதே வரிசை உங்களுக்கு உதவும்.

முதல் காரணம், காலம். 17 ஆண்டுகளில் ஓர் ஊர் மாறலாம். இடையில் தெபோஸ்த்லானுக்குச் சாலை வந்தது. ஆகவே சில வேறுபாடுகளுக்குக் காலமே காரணம் என்று லூயிஸும் ஒப்புக்கொண்டார். ஆனால், எல்லாவற்றுக்கும் காலத்தைக் காரணம் காட்ட முடியாது. 1910 முதல் 1920 வரை நடந்த மெக்சிகோ புரட்சியில் அந்த வட்டாரமே போர்க்களமாக இருந்தது. புரட்சித் தலைவர் சபாட்டாவின் படைகள் அங்கேதான் போரிட்டன. ஊர்மக்கள் வீடுகளை விட்டு மலைகளுக்கு ஓடினார்கள். ரெட்ஃபீல்ட் அங்கே போனபோது அது முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் தங்கியிருந்த காலத்திலேயே மறுபடியும் கலவரம் வெடித்ததால், குடும்பத்தை மெக்சிகோ சிட்டிக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து ஊருக்குப் போய்வர வேண்டியதாயிற்று. ஆகவே, சண்டையும் அச்சமும் அவருடைய காலத்தில் இல்லாதவை அல்ல.

இரண்டாவது காரணம், வழிமுறை. ரெட்ஃபீல்ட் தனி ஆளாக, சில மாதங்களில், பெரும்பாலும் விழாக்களையும் வழக்கங்களையும் பார்த்தார். திருவிழா நாளில் ஓர் ஊரைப் பார்த்தால் எப்படித் தெரியும்? எல்லோரும் கூடித் தேர் இழுக்கும் நாளில் பங்காளிச் சண்டை வெளியே தெரியாது. லூயிஸ் கூட்டமாகப் போய், நிலக்கணக்கைப் பார்த்தார். நிலக்கணக்கில் பங்காளிச் சண்டை முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு கறாரான ஆய்வின் அடையாளம் இங்கே கிடைக்கிறது. மக்கள் சொன்னது, மக்கள் செய்ததை ஆய்வாளர் நேரில் பார்த்தது, ஏட்டில் பதிவாகியிருப்பது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். "இங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவுவோம்" என்று பத்துப் பேர் சொன்னால் அது ஒரு சான்று. அறுவடையின்போது உண்மையில் யார் யார் வீட்டு நிலத்தில் இறங்கி வேலை செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அது இன்னொரு சான்று. இரண்டும் ஒத்துப்போனால் முடிவு வலுவாகிறது. முரண்பட்டால், நல்ல ஆய்வாளர் அந்த முரண்பாட்டை மறைக்கமாட்டார். அது ஏன் வந்தது என்று அங்கேயே தோண்டுவார். கட்டுரை முழுதும் பேட்டி மேற்கோள்களாகவே இருந்து, நேரில் பார்த்ததோ எண்ணியதோ எதுவும் இல்லையென்றால், ஒரு கால் மட்டும் உள்ள நாற்காலியில் உட்கார்வது போல எச்சரிக்கையாக இருங்கள்.

மூன்றாவது காரணம்தான் மிகவும் சுவையானது. அதை ரெட்ஃபீல்டே பிறகு எழுதினார்.

ஒளிந்திருந்த கேள்வி

லூயிஸின் விமர்சனம் வெளிவந்தபின் ரெட்ஃபீல்ட் கோபப்பட்டு மறுத்திருக்கலாம். 1955இல் வெளியிட்ட ஒரு நூலில் அவர் வேறொன்றைச் செய்தார். ஒவ்வோர் ஆய்வாளரின் உள்ளத்திலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்றார். தன் நூலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேள்வி, இந்த மக்கள் எதில் இன்பம் காண்கிறார்கள் என்பது. லூயிஸின் நூலுக்குப் பின்னால் இருந்த கேள்வி, இவர்கள் எதனால் துன்பப்படுகிறார்கள் என்பது என்று விளக்கினார். அந்தக் கேள்விகளை இருவருமே எந்தப் பக்கத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால், எந்த வீட்டுக்குப் போவது, எதைக் குறிப்பேட்டில் எழுதுவது, எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் அவையே தீர்மானித்தன.

அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்திருக்கும்? ரெட்ஃபீல்ட் இளம் வயதில் முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். போரின் கொடுமையை நேரில் கண்டு மனம் கசந்து திரும்பியவர். நவீன நகர நாகரிகத்தின்மேல் அலுப்புற்ற ஒருவர், அமைதியான ஓர் ஊரைத் தேடிப் போனதில் வியப்பில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. அதை நாம் ஊகிக்கத்தான் முடியும். ஏனென்றால், அவருடைய முதல் நூல் தன்னைப் பற்றி இப்படி எதுவும் பேசவில்லை.

ஆய்வாளர் தன்னையே ஆய்வுக்கு உட்படுத்துவதைத் தன்னாய்வு என்று இந்தக் கட்டுரையில் அழைப்போம். நான் யார், இந்த மக்கள் என்னை யாராகப் பார்த்தார்கள், நான் எதை எதிர்பார்த்து வந்தேன், அது என் முடிவை எங்கே வளைத்திருக்கக்கூடும் என்று எழுதுவதே அது. வெப்பமானிக்குப் பனிக்கட்டி எப்படியோ, இந்த ஆய்வுக்குத் தன்னாய்வு அப்படி. பிழையை அது முற்றாக நீக்கிவிடாது. ஆனால், கருவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், படிப்பவர் அதற்கேற்பத் திருத்திப் படிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இன்றைய ஆய்வுகள் பலவற்றில் தன்னாய்வு என்ற பெயரில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும். "நான் 30 வயதுப் பெண், நகரத்தில் வளர்ந்தவள், ஆசிரியை" என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து அதை மறந்தேவிடுவார்கள். அது அடையாள அட்டையை நகலெடுத்து ஒட்டுவது போல. உண்மையான தன்னாய்வைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதில் "ஆகவே" இருக்கிறதா என்று தேடுங்கள். "நான் அவர்களின் ஆசிரியை. ஆகவே அவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆகவே இரண்டாவது சுற்றுப் பேட்டியை வேறொருவரை எடுக்கச் சொன்னேன். விடைகள் இப்படி மாறின" என்று தன் நிலைமை ஆய்வின் நடைமுறையை எங்கே மாற்றியது என்று சொன்னால், அந்தத் தன்னாய்வு வேலை செய்கிறது.

இன்னொன்றையும் தேடுங்கள். ஆய்வாளரின் முடிவுக்கு எதிராகப் போகும் ஆள் யாராவது கட்டுரையில் இருக்கிறாரா? என் கட்டுரையில் "கூச்சமா இருக்கு" என்று சொன்ன அந்த ஒரு மாணவன் இருந்தான். நான் அவனுக்கு அரை வரிதான் ஒதுக்கினேன். உண்மைக்கு மிக அருகே வந்தவன் அவன் ஒருவன்தான். எல்லோரும் ஒரே குரலில் பேசும் ஆய்வைப் படித்தால், மாற்றுக்குரல்கள் எங்கே போயின என்று கேளுங்கள்.

அங்கே கண்டது இங்கே பொருந்துமா?

தெபோஸ்த்லானைப் பற்றிய ஆய்வு கறாரானது என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து வேறு ஊர்களைப் பற்றி ஏதாவது சொல்லலாமா? இதுதான் அடுத்த சிக்கல். ஓரிடத்தில் கண்ட முடிவு இன்னோரிடத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைப் பெயர்ப்புத் தகுதி என்போம். நாற்றைப் பெயர்த்து வேறு வயலில் நடுவது போலத்தான். சில மண்ணில் பிடிக்கும், சிலவற்றில் வாடிவிடும்.

ரெட்ஃபீல்ட் பிற்பாடு மெக்சிகோவின் யுகதான் வட்டாரத்தில் ஒரு பழங்குடிச் சிற்றூர், ஒரு விவசாயக் கிராமம், ஒரு சிறுநகரம், ஒரு மாநகரம் என நான்கு இடங்களை ஒப்பிட்டு, 1941இல் ஒரு நூல் எழுதினார். கிராமத்திலிருந்து நகரத்தை நோக்கிப் போகப்போக, மரபு குலைகிறது, சமயப்பற்று தளர்கிறது, மனிதர்கள் தனித்தனியாகிவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. இது நான்கு இடங்களைப் பற்றிய முடிவு. ஆனால், உலகத்துக் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் பொதுவான விதி போலப் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

லூயிஸ் அந்த விதியைச் சோதிக்க ஓர் அழகான வழி கண்டார். தெபோஸ்த்லானை விட்டு மெக்சிகோ சிட்டிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைத் தேடிப் போனார். விதி உண்மையானால், நகரத்துக்கு வந்த அவர்களின் குடும்பங்கள் குலைந்திருக்க வேண்டும், சமயப்பற்று தளர்ந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. குடும்பக் கட்டுகள் வலுவாகவே இருந்தன, சமய வாழ்க்கையும் தேய்ந்துவிடவில்லை. 1952இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார். நாற்றைப் பெயர்த்து நட்டுப் பார்த்தே, அது பிடிக்கவில்லை என்று காட்டிவிட்டார்.

இவ்வளவு கவனமாக இருந்த லூயிஸ் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? 1959இல் ஐந்து மெக்சிகோ குடும்பங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், ஏழைகளிடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது என்று சொல்லி, அதற்கு வறுமைப் பண்பாடு என்று பெயர் வைத்தார். பிறகு வந்த எழுத்துகளில் அதன் கூறுகளாக ஏறக்குறைய 70ஐக் குறிப்பிட்டார். பல நாடுகளில் அது ஒரே மாதிரி காணப்படுகிறது என்றும் வாதிட்டார். எல்லா ஏழைகளுக்கும் இது பொருந்தாது என்று அவரே எழுதியதுண்டு. ஆனால், கருத்து அவருடைய கையை விட்டுப் போய்விட்டது. ஏழைகள் ஏழைகளாக இருப்பதற்கு அவர்களின் பழக்கவழக்கமே காரணம் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாயிற்று. வேலையின்மை, குறைந்த கூலி, நிலமின்மை ஆகியவை பின்னால் தள்ளப்பட்டன. 1968இல் சார்ல்ஸ் வேலன்டைன் என்ற மானிடவியலாளர் இதைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். லூயிஸ் தந்த குடும்ப விவரங்களே அவருடைய பொதுவான முடிவுகளை முழுமையாகத் தாங்கவில்லை என்பது அவருடைய முக்கிய வாதம்.

பார்த்தீர்களா? அடுத்தவர் பெயர்த்த நாற்று வாடியதைக் காட்டியவரே, தன் நாற்றை உலகம் முழுதும் நட முயன்றார். ஓர் ஆய்வு தவறாகப் பெயர்க்கப்பட்டால், அதனால் பாதிக்கப்படுவோர் முகம் தெரியாத குடும்பங்கள்.

பெயர்ப்பது யார் பொறுப்பு?

இவோனா லிங்கன், எகான் கூபா என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட நூலில் இந்தப் பொறுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். எழுதுபவரின் வேலை, தான் ஆராய்ந்த இடத்தை நிறைய விவரங்களோடு காட்டுவது. அந்த விவரங்களைத் தன் இடத்தோடு ஒப்பிட்டு, பொருந்துமா என்று தீர்மானிப்பது படிப்பவரின் வேலை. எழுதுபவருக்கு உங்கள் பள்ளி தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே, ஒரு கட்டுரை கடைசிப் பத்தியில் "இந்த முடிவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும்" என்று சொன்னால், அது தன் வேலையை மீறுகிறது. "ஒரு பள்ளியை மட்டுமே ஆராய்ந்ததால் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்று கைவிரித்தால், அது தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. கறாரான கட்டுரை, எந்தச் சூழ்நிலையில், எந்தக் காரணத்தால் இது நடந்தது என்று சொல்லிவிட்டு, முடிவை உங்களிடம் விடும்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கிராமப்புறப் பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு, "அறிவியல் கூடத்தில் பாதி மாணவர்கள் கருவியைத் தொடுவதே இல்லை" என்று சொல்கிறது. நீங்கள் நகரத்துப் பள்ளியில் படிக்கிறீர்கள். பொருந்துமா? கிராமம், நகரம் என்ற பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என்ன காரணம் என்று கட்டுரையில் தேடுங்கள். ஒரு பன்சன் அடுப்புக்கு 6 பேர் என்பதால், வேகமான இருவர் எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தால், உங்கள் கூடத்தில் ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 6 பேர் என்றால், ஊர் வேறானாலும் முடிவு பொருந்தலாம். 2 பேர் என்றால், பக்கத்து ஊரானாலும் பொருந்தாமல் போகலாம். ஓர் அடுப்புக்கு எத்தனை பேர் என்ற விவரமே கட்டுரையில் இல்லையென்றால், பெயர்க்க வழியே இல்லை. அது கட்டுரையின் குறை.

என் கட்டுரை என்னவாயிற்று?

சிவப்பு மைக்குப் பிறகு நான் ஆய்வை மறுபடி செய்தேன். அந்த மாணவர்களுக்குப் பாடம் எடுக்காத ஒரு தோழியைப் பேட்டி எடுக்கச் சொன்னேன். யார் என்ன சொன்னார்கள் என்று பெயர் குறிக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். என்னுடைய நான்கு பாடவேளைகளை, தலைமையாசிரியரிடமும் மாணவர்களிடமும் அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்தேன்.

பேட்டியில் வந்த விடைகள் தலைகீழாக மாறின. "கேள்வி கேட்டா டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பாங்க" என்று ஒரு மாணவி சொல்லியிருந்தாள். நான் நம்பவில்லை. ஒலிப்பதிவைப் போட்டு, "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று நான் கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று அளந்தேன். பெரும்பாலும் 2 விநாடிகூட இல்லை. அதற்குள் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் சொன்னதும் ஒலிப்பதிவு காட்டியதும் ஒரே பக்கம் சாய்ந்தன. கூச்சம் என்று சொன்ன மாணவனின் கூச்சத்துக்குக்கூட, அந்த 2 விநாடிக்கு மேல் இடம் கிடைத்திருக்கவில்லை.

இரண்டாவது கட்டுரையின் முடிவுரையில், எல்லா வகுப்புகளிலும் இப்படித்தான் என்று நான் எழுதவில்லை. 35 மாணவர்கள், 40 நிமிடப் பாடவேளை, பாடத்திட்டத்தை முடிக்க அவசரப்படும் அனுபவமில்லாத ஆசிரியை என்ற சூழ்நிலையை விவரித்தேன். இதே அவசரம் உள்ள வகுப்புகளில் முதலில் காத்திருக்கும் நேரத்தை அளந்து பாருங்கள் என்று முடித்தேன். இம்முறை ஓரத்தில் சிவப்பு மை இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் போங்கள். 20 நிமிடம் இருவரும் ஒரே இடத்தில் நின்று, பார்ப்பதைக் குறிப்பெடுங்கள். ஒருவர் மனத்தில், இங்கே மாணவர்கள் எதில் மகிழ்கிறார்கள் என்ற கேள்வி இருக்கட்டும். மற்றவர் மனத்தில், எதனால் சிரமப்படுகிறார்கள் என்ற கேள்வி இருக்கட்டும். இடையில் பேசிக்கொள்ளக் கூடாது. யாருடைய பெயரையும் எழுதக் கூடாது.

பிறகு குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவர் குறிப்பில் சிரிப்பும் பகிர்ந்து உண்பதும் நிறைந்திருக்கும். மற்றவர் குறிப்பில் நீண்ட வரிசையும், காசு போதாமல் திரும்பியவரும், தனியே உட்கார்ந்திருந்தவரும் இருக்கலாம். இருவர் குறிப்பிலும் இருப்பவற்றைக் கோடிடுங்கள். ஒருவர் மட்டும் எழுதியவற்றுக்கு எதிரே, மற்றவர் அதை ஏன் பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

அந்த ஒரு வரிகள்தான் உங்களுடைய முதல் தன்னாய்வு. அடுத்த முறை யாருடைய ஆய்வைப் படித்தாலும், அதே வரிகளை அவர் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள்.